மழைநீர் வடிகால் அடைப்புக்கு மனு: கேள்வி பதில்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட மனுக்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கியவன். இப்போது எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக நானே எழுதுகிறேன். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

சரவணம்பட்டி வாசகி: மூணு தடவை மனு கொடுத்துட்டோமுங்க. கேட் முன்னாடி தேங்கின தண்ணிய போட்டோ எடுத்து வெச்சோம். வந்து அள்ளிட்டுப் போறாங்க, அடுத்த மழைக்கு மறுபடியும் அதேதான்.

போட்டோவில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே வந்து அள்ளிவிட்டுப் போகிறார்கள் அம்மா. நீங்கள் காட்டியது தண்ணீர் நிற்கிற இடம். அடைப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஓட்டம் போகிற பக்கம், இன்னும் கீழே இருக்கும்.

எங்கள் குடியிருப்பிலும் இதே தவறைச் செய்தோம். இரண்டு மனு வீணான பிறகு, ஓர் ஐப்பசி மழை விட்ட அரை மணி நேரத்தில் வடிகால் ஓரமாகவே கீழ்ப்பக்கம் நடந்தேன். திறக்க முடிந்த ஒவ்வொரு குழியிலும், ஸ்லாபுக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்தேன். எங்கள் கேட்டில் ஸ்லாபைத் தொட்டுக்கொண்டிருந்தது. 90 மீட்டர் தள்ளி ஒரு பேக்கரி, அதுவரைக்கும் அப்படியேதான். பேக்கரியைத் தாண்டிய குழியில் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. அடைப்பு அந்த இரண்டு குழிக்கும் நடுவில் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வண்டி ஏறி இறங்க வசதியாக அங்கே 8 மீட்டருக்கு வடிகால் மேல் காங்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். தூக்க ஸ்லாபே இல்லை. தூர்வார வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த 8 மீட்டரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மூன்றாவது மனுவில் நான்கே போட்டோ வைத்தோம்: எங்கள் கேட், பேக்கரிக்கு முந்தைய குழி, மூடிய காங்கிரீட், அதற்கு அடுத்த குழி. இரண்டு குழிகளிலும் டேப்பை விட்டு, மட்டம் தெரியும்படி எடுத்தோம். ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு எண், தேதி எழுதி, ஓட்டம் எந்தப் பக்கம் என்று பேனாவால் அம்புக்குறி போட்டோம். மனுவின் நடுப்பத்தி இவ்வளவுதான்:

“எங்கள் வாயிலிலிருந்து கிழக்கே 90 மீட்டரில், இந்த எண்ணுள்ள மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் இடையே, வடிகால் 8 மீட்டர் நீளத்துக்குக் காங்கிரீட்டால் மூடப்பட்டுள்ளது. அதற்கு மேற்கில் தண்ணீர் ஸ்லாபு வரை நிற்கிறது (படம் 2), கிழக்கில் ஒன்றரை அடி தாழ்ந்துள்ளது (படம் 4). இந்த 8 மீட்டரைத் திறந்து தூர்வார வேண்டுகிறோம்.”

மின்கம்ப எண்ணை மறக்காதீர்கள். “ராம் நகர் இரண்டாவது வீதி” என்று எழுதினால் அப்படி ஊருக்கு நாலு வீதி இருக்கும். கம்பத்தில் இருக்கிற எண் வேறு கம்பத்தில் இருக்காது.

ஒன்பதாம் நாள் காங்கிரீட்டை வெட்டித் திறந்தார்கள். உள்ளே குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. இளநீர் மட்டையும் கவரும் அதில் சிக்கி, பின்னால் மண் கட்டியிருந்தது. மண்ணை எடுத்துவிட்டார்கள், குழாயை மாற்றவில்லை. அது இன்னொரு பிரிவின் வேலை என்றார்கள். அதற்கான மனு இன்னும் நடக்கிறது.

பல்லடம் வாசகர்: வடிகால் பக்கத்துலயே குப்பையும் கொட்றாங்க. ரெண்டையும் ஒரே மனுல எழுதிரலாமுங்களா?

வேண்டாம். வடிகால் பொறியியல் பிரிவுக்குப் போகும், குப்பை சுகாதாரப் பிரிவுக்குப் போகும். சேர்த்து எழுதினால் ஏதோ ஒரு மேசையில் பாதி வேலை முடிந்து, மனு முடிக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும். குப்பைக்குத் தனி மனு கொடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், தொடர்ந்து மூன்று நாள் எடுத்த போட்டோக்களை வையுங்கள். அள்ளவே இல்லையா, அள்ளிய பிறகு மறுபடி கொட்டுகிறார்களா என்பது அதில்தான் தெரியும். இரண்டுக்கும் தீர்வு வேறு.

ஈரோடு வாசகர்: போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பினா போதுமாண்ணா?

சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கிற எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் நிற்கும். எப்படி அனுப்பினாலும் பிரிண்ட் போட்ட தாளை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

வடவள்ளி வாசகர்: மெயின் ரோட்டு வடிகாலுங்க. “நம்முது இல்லை”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

உண்மையாகவும் இருக்கலாம். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் ஓர வடிகாலும் பெரும்பாலும் அவர்களுடையதுதான். வடிகால் போய்ச் சேருகிற பள்ளம் அடைத்திருந்தால் நீர்வளத் துறை. வாய்வார்த்தையை ஏற்றுக்கொள்ளாமல், எந்தத் துறையுடையது என்று எழுத்தில் கேளுங்கள். இரு துறைக்கும் முகவரி போட்டு ஒரே மனுவைக் கொடுத்தால், ஒருவர் இன்னொருவரைக் காட்டுவது குறையும்.

சிங்காநல்லூர் வாசகர்: எங்க கழிவுநீரச் சுத்திகரிக்கிற எஸ்டிபி நிறைஞ்சா ராத்திரில வடிகால்லதான் விடறோம். எல்லா அப்பார்ட்மென்ட்டும் பண்றதுதான். மனுல அதச் சொல்ல வேண்டாமில்லீங்க?

முதலில் அதை நிறுத்துங்கள், பிறகு மனு எழுதுங்கள். மழையே இல்லாத நாளில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், பார்வைக்கு வருகிறவர் அடுத்துத் திறப்பது உங்கள் சேம்பரைத்தான். அடைப்பு எடுக்க வந்தவர் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவார். நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

கணபதி வாசகி: பாதாளச் சாக்கடை எங்க வீதிக்கு வரவே இல்ல. தினம் லாரி வெச்சா மெயின்டனன்ஸ் யாரு கட்டறது? நாங்க எங்கதான் விடறது, சொல்லுங்க.

திருப்பூர் வாசகர்: நொய்யல்ல சாயத்தண்ணி விட்டோம்னு 2011-ல ஹைகோர்ட் எங்க பட்டறைகள மூட வெச்சுது. எத்தன குடும்பம் தவிச்சுதுன்னு எங்களுக்குத் தெரியும். அப்பார்ட்மென்ட்காரங்களுக்கு மட்டும் சலுகையா?

கணபதி வாசகி: சாயமும் குளியல் தண்ணியும் ஒண்ணுங்களா?

திருப்பூர் வாசகர்: கக்கூஸ் தண்ணியும் சேர்ந்துதான் வருதுங்க அம்மிணி.

திருப்பூர்க்காரர் கேட்பது நியாயம். அந்த வடிகாலும் கடைசியில் நொய்யலுக்குத்தான் போகிறது. கணபதி அம்மா சொல்கிற லாரிச் செலவும் உண்மையான பாரம், அதற்கு என்னிடம் எளிய வழி இல்லை. எஸ்டிபி ஒழுங்காக ஓடினால் வருகிற தண்ணீரில் ஒரு பங்கைச் செடிக்கும் கழிப்பறை ஃப்ளஷுக்கும் திருப்பலாம், லாரி நடை குறையும். முழுவதும் தீராது. ஆனால் வடிகாலில் விடுவதற்கு நான் வார்த்தை எழுதித் தர மாட்டேன்.

கோபி வாசகர்: எங்க பக்கத்து வீட்டு மாடித் தண்ணி எங்க காம்பவுண்டுல விழுதுங்க. யாருக்கு மனு?

அது இரண்டு வீட்டுக்குள் நடக்கிற தகராறு. பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் வக்கீல்.

அவிநாசி வாசகர்: போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பலாமா?

மேலே ஈரோடு நண்பருக்குச் சொன்னதுதான். சீல் வாங்குங்கள்.

பீளமேடு வாசகர்: நிதி இல்லைன்னு பதில் வந்தா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 133-ஆம் பிரிவுப்படி நேரா கோர்ட்டுக்குப் போகலாம். ரத்லம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு.

தீர்ப்பைச் சரியாகச் சொன்னீர்கள். 1980-இல் வந்தது, வடிகால் கட்டப் பணமில்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்றது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு புதிய சட்டத்தில் 152 ஆகிவிட்டது. மனுவும் நேராக நீதிமன்றத்துக்குப் போகாது, கோட்டாட்சியரிடம் போகும்.

அதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒன்று கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். உங்கள் வீதி வடிகாலைக் கடைசியாகத் தூர்வாரியதற்கான எம்-புக் பக்கத்தின் நகல் என்று எழுதுங்கள். எத்தனை மீட்டர் தூர்வாரியதாக அளவு எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வீதிக்கு வாங்கியபோது, மூடிக்கிடந்த அந்த 8 மீட்டரும் தூர்வாரியதாகவே கணக்கில் இருந்தது.