மூன்று தோட்டம் சுற்றும் லோரிக்கு எந்தக் கூலி சரி?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் உள்ள உர ஸ்டோரில் கிராணியாக இருக்கிறேன். 10 டன் லோரியில் உரம் ஏற்றி, லிந்தாங், சிம்மோர், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிறோம். போன வாரம் ஒரு லோரியில் மூன்று டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ. (4 டன், 3.5 டன், 2.5 டன்). எஸ்ஏபி கணக்கு 650 ரிங்கிட் காட்டுகிறது. டிரான்ஸ்போர்ட்டர் பில் 480 ரிங்கிட்தான். 5 டன்னுக்குக் கீழே டன்னுக்கு 60, 5 முதல் 10 டன்னுக்குள் 50, 10 டன்னும் அதற்கு மேலும் 42 என்பது ஒப்பந்தம். ஒரு நடைக்குக் குறைந்தது 200, கூடுதலாக இறக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் 30. ஒரே தோட்டத்துக்குப் போகும் லோரிக்குக் கணக்கு சரியாக வருகிறது. எஸ்ஏபியின் VI02 திரையில் தொகையை 480 என்று நானே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். டிரான்ஸ்போர்ட்டர் பில்தான் சரி. சிஸ்டம்தான் தவறாகக் கணக்குப் போடுகிறது. கையால் மாற்றினால் இந்த லோரிக்கு மட்டும் தீரும், அடுத்த லோரிக்கு அதே வித்தியாசம் திரும்ப வரும். அதைவிட, பிழை எங்கே இருக்கிறது என்ற தடயமும் போய்விடும்.

நீங்களே ஒரு முக்கியமான தடயத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்: ஒரே தோட்டத்துக்குப் போகும் லோரிக்குக் கணக்கு சரி. அப்படியென்றால் விலைப்பட்டியலில் தவறில்லை, டிரான்ஸ்போர்ட்டரின் பெயரிலும் தவறில்லை. மூன்று டி.ஓ. சேரும்போதுதான் கெடுகிறது. கூலியை எதன் மேல் கணக்கிடுவது, முழு லோரியின் மேலா ஒவ்வொரு டி.ஓ.வின் மேலா, என்ற இடத்தில்தான் கோளாறு.

650 எப்படி வந்தது என்று பாருங்கள். சிஸ்டம் 4 டன் டி.ஓ.வைத் தனியாக எடுத்து, 5 டன்னுக்குக் கீழே என்று 60-ஆல் பெருக்கி 240 போட்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு அதே விலையில் 210. 2.5 டன்னுக்கு 150-தான் வரும்; ஆனால் ஒரு நடைக்கான குறைந்தபட்சக் கட்டணத்தை அந்த ஒரு டி.ஓ.வுக்கே பொருத்தி 200 ஆக்கிவிட்டது. மூன்றும் சேர்ந்து 650. ஒப்பந்தப்படி லோரியில் இருந்தது 10 டன். 10 டன்னுக்கு 42 என்றால் 420, கூடுதலாக இரண்டு இடங்களில் இறக்கியதற்கு 60, மொத்தம் 480. சிஸ்டம் இறக்குக்கூலியைச் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் குறை பெரிய வித்தியாசத்துக்குள் மறைந்து கிடக்கிறது; முதல் பிழையைச் சரிசெய்த மறுநாளே வெளியே வரும்.

இதைத் திரையில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். VI03-யில் அந்த லோரிக்கான ஷிப்மென்ட் காஸ்ட் ஆவணத்தைத் திறந்து, கூலி வரியின் கண்டிஷன் பகுதிக்குப் போங்கள். ஒரே கூலி, டி.ஓ. வாரியாக மூன்று முறை, மூன்று வேறு எடைகளோடு நின்றால் சந்தேகமே வேண்டாம். 10 டன் என்ற எடை ஓர் இடத்திலும் தெரியாது. அப்புறம் TK13-இல் விலைப்பட்டியலைத் திறந்து 60, 50, 42 மூன்றும் சரியான எடைகளோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாகவே இருக்கும். நீங்கள் அங்கே எதையும் திருத்த வேண்டியதில்லை.

திருத்த வேண்டியது, கூலியைக் கணக்கிடும் விதியான கண்டிஷன் வகையின் அமைப்பை. எடைப் படியை எதன் எடையை வைத்துப் பார்ப்பது என்று அங்கேதான் சொல்லப்படுகிறது. இப்போது டெலிவரி என்று இருக்கிறது. முழு ஷிப்மென்ட் என்று ஆக வேண்டும். இதை உங்கள் சிஸ்டம் ஆலோசகர்தான் செய்ய முடியும். ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கண்டிஷன் வகையை வேறு டிரான்ஸ்போர்ட்டர்களும் பயன்படுத்துகிறார்களா? டி.ஓ. வாரியாகவே கூலி வாங்கும் ஒரு சிறு வேன்காரர் இருந்தால், அவருடைய கணக்கு அன்றே கெட்டுப்போகும். அப்படியானால் பழையதைத் தொடாமல், அதன் நகலாகப் புது வகை ஒன்றை உருவாக்கி, உங்கள் லோரிக்காரருக்கு மட்டும் அதைப் பொருத்தச் சொல்லுங்கள்.

யாரோ வேண்டுமென்றே டி.ஓ. வாரியாக அமைத்திருக்கலாம், அதற்கு நியாயமும் உண்டு. ஒவ்வொரு தோட்டத்தின் செலவுக் கணக்கிலும் அதனதன் பங்குக் கூலி விழ வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்காகக் கூலியையே பிரித்துக் கணக்கிட வேண்டியதில்லை. கணக்கிடுவது ஒரு வேலை, பங்கிடுவது இன்னொரு வேலை. சிஸ்டத்தில் இரண்டும் தனித்தனி. முழு லோரிக்கு 480 என்று கணக்கிட்டு, எடை விகிதத்தில் பங்கிடச் சொன்னால் 4 டன் எடுத்த தோட்டத்துக்கு 192, 3.5 டன்னுக்கு 168, 2.5 டன்னுக்கு 120 என்று விழும். தோட்ட நிர்வாகிகள் யாரும் குறை சொல்ல இடமில்லை. இதை ஆலோசகரிடம் சொல்லாமல் விட்டால், அவர் முதல் திருத்தத்தைச் செய்தபின் கணக்குப் பிரிவு வந்து பழையபடியே மாற்றச் சொல்லும்.

முழு லோரிக்குக் கணக்கிடத் தொடங்கியதும் ரூட் ஒரு கேள்வியாக எழும். டி.ஓ. ஒவ்வொன்றுக்கும் புறப்படும் பகுதி, சேரும் பகுதி ஆகியவற்றை வைத்து சிஸ்டம் தானாக ரூட் போடும். லிந்தாங்குக்கு ஒன்று, சிம்மோருக்கு ஒன்று. மூன்றையும் ஒரே ஷிப்மென்டில் சேர்த்தபின், அதன் தலைப்பில் எந்த ரூட் நிற்கிறது என்பதை VT02N-இல் கண்ணால் பாருங்கள். உங்கள் விலைப்பட்டியல் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே விலை என்பதால் இன்று பாதிப்பு இல்லை. நாளை தூரத்தை வைத்து விலை பேசினால், தலைப்பில் கிட்டத்துத் தோட்டத்தின் ரூட் நின்றுவிடும், லோரிக்காரர் தூரத்துத் தோட்டத்தின் விலையில் பில் போடுவார். அப்போது சுற்று நடைக்கென்றே தனி ரூட் ஒன்று உருவாக்கி, விலையை அதில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. எந்தத் தோட்டத்தின் தூரம் என்ற வாதத்துக்கே இடமிருக்காது.

அடுத்து இறக்குக்கூலி. முதல் இடம் இலவசம், மீதி ஒவ்வொன்றுக்கும் 30 என்ற கணக்குக்கு ஆலோசகர் ஒரு சிறு சூத்திரம் எழுத வேண்டியிருக்கும். அவர் டி.ஓ.க்களை எண்ணும்படி எழுதினால் தவறு. ஒரே தோட்டத்துக்கு என்.பி.கே. உரத்துக்கு ஒரு டி.ஓ., பொட்டாஷுக்கு ஒரு டி.ஓ. என்று இரண்டு போட நேரலாம். லோரி நிற்பது ஓர் இடத்தில்தான். ஆகவே சரக்கைப் பெறும் தோட்டத்தை எண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் இது தவறிப்போகிற விஷயம்.

உங்கள் ஒப்பந்தத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. லோரியில் 9.5 டன் மட்டும் ஏற்றினால் 50 வீதம் 475 ரிங்கிட். 10 டன் ஏற்றினால் 420. குறைவாக ஏற்றியதற்கு அதிகக் கூலி! 8.4 டன்னைத் தாண்டி 10 டன்னுக்குள் நிற்கும் ஒவ்வொரு நடையிலும் இது நடக்கும். நல்ல ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரி உண்டு: அடுத்த படியின் குறைந்த எடைக்கான கூலி மலிவாக இருந்தால் அதையே வாங்க வேண்டும். எஸ்ஏபியில் இந்த ஒப்பீட்டைச் செய்ய வசதி இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாததை சிஸ்டத்தில் மட்டும் வைத்தால் மறுபடியும் பில் ஒத்துவராது. முதலில் லோரிக்காரரோடு பேசி எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் சிஸ்டம். அதுவரை, திட்டமிடும்போது 9 டன்னில் நிற்கும் லோரியில் இன்னும் 20 மூட்டை ஏற்ற வழியிருக்கிறதா என்று பாருங்கள். 50 கிலோ மூட்டை 20 என்றால் 1 டன். 450 ரிங்கிட் வந்த நடை 420-க்கு இறங்கும். லோரி சட்டப்படி சுமக்கக்கூடிய எடைக்குள் இருக்க வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை.

இனி போன வாரத்து 650-ஐ என்ன செய்வது? அந்தக் காஸ்ட் ஆவணம் ஏற்கெனவே கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால், சேவைப் பதிவு ஒன்று உருவாகி 650 ரிங்கிட் செலவாக ஏறியிருக்கும். பில் இன்னும் MIRO-வில் பதியப்படவில்லை என்றால் நல்லது. VI02-வில் கணக்குக்கு மாற்றிய குறியை எடுத்துச் சேமியுங்கள், சேவைப் பதிவு ரத்தாகும். அமைப்பைத் திருத்தியபின் கூலியை மறுபடி கணக்கிடச் சொல்லி மாற்றினால் 480 வந்து நிற்கும். பில்லும் சண்டையில்லாமல் நுழையும்.

பில் பதிந்தாயிற்று என்றால் அந்த வழி இல்லை. MIRO-வில் எப்படிப் பதிந்தார்கள் என்று பாருங்கள். முழு வரியையும் எடுத்துத் தொகையை மட்டும் 480 ஆக்கியிருந்தால், மீதி 170 செலவிலிருந்து கழிந்திருக்கும், கவலை இல்லை. வரியின் ஒரு பகுதிக்கு மட்டும் பில் வந்ததாகப் பதிந்திருந்தால், 170 ரிங்கிட் இன்னும் பில் வர வேண்டியது போல GR/IR கணக்கில் தொங்கும். அதை MR11-இல் கணக்குப் பிரிவுதான் தீர்க்க வேண்டும். பல தோட்டம் சுற்றிய பழைய நடைகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். VI11-இல் காஸ்ட் ஆவணங்களைப் பட்டியலிட்டு, ஒன்றுக்கு மேல் டி.ஓ. உள்ள ஷிப்மென்டுகளைப் பிரித்தெடுத்து, இந்த நிதியாண்டு முடிவதற்குள் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் நிறுவனத்தில் வேறு ஏதாவது டிரான்ஸ்போர்ட்டருக்கு பில் வாங்காமல் சிஸ்டமே MRRL வழியாகப் பணம் கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் லோரிக்காரர் பில் போட்டதால்தான் வித்தியாசம் தெரிந்தது. பில்லே இல்லாத இடத்தில் 650 அப்படியே வங்கிக்குப் போயிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் இருந்து, அவர் லோரியும் பல தோட்டம் சுற்றுகிறது என்றால், திருத்தம் முடியும்வரை அவருக்கான MRRL-ஐ இன்றே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.