கார், பைக் வாஷ்: தண்ணீரும் மாதச் சந்தாவும்

“இடமும் போர் தண்ணீரும் இருக்கின்றன. எந்த மெஷின் வாங்குவது? மாதச் சந்தாவுக்கு எவ்வளவு வாங்கலாம்?”

முதலில் உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளிகள் படியும். ஆகவே நிழலில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்தி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பிரஷர் வாஷரை வாங்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும், நாள் முழுவதும் ஓடக்கூடிய மோட்டாரா என்பதையும் கேளுங்கள். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் மெஷினில் தண்ணீர் பீய்ச்சும் கன்னை 10 நிமிடம் அழுத்தினால் 80 லிட்டர் செலவாகும். பைக்கின் செயின், வீல் பேரிங் பக்கம் அதை நெருக்கிப் பிடிக்கக் கூடாது, கிரீஸ் வெளியேறிவிடும்.

விலையை அக்கம்பக்கத்துக் கடையைப் பார்த்து வைக்காதீர்கள். சம்பளம், வாடகை, மின்சாரம், ஷாம்பு எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 கார் வீதம் 26 நாளில் 260 கார் கழுவினால், ஒரு காருக்கு அடக்கம் ஏறக்குறைய 192 ரூபாய். ஆறு கார்தான் வந்தால் அதுவே 320 ரூபாய். எனவே, நான்கு வாஷ் கொண்ட சந்தாவை 800 ரூபாய்க்குக் கொடுப்பது கடை நிரம்பினால் மட்டுமே கட்டுப்படியாகும். பைக்குகளை அவை எடுக்கும் நேரத்தை வைத்து இதே கணக்கில் சேருங்கள்.

சந்தாதாரர்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை முழு விலை தருபவர்களே வரிசையில் நிற்பார்கள். அன்று சந்தா வண்டிகளையும் ஏற்றால் வருமானம்தான் குறையும்.