சிரித்ததால் சம்மதமாகிவிடுமா?

"எங்கள் டீமில் 12 பேர். தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மதியம் மேசையில் தலை சாய்த்து நான் தூங்கியதைப் படம் பிடித்து ஸ்டிக்கராக்கினார்கள், நானும் சிரித்தேன். இப்போது என் முகத்தை வெட்டி கவர்ச்சி நடிகை உடம்பில் ஒட்டி, மேனேஜர் பெயரோடு 'அப்ரைசல் ஸ்பெஷல்' என்று போடுகிறார்கள். கேட்டால், 'அன்னைக்கு நீயும்தானே சிரிச்ச?' என்கிறார்கள். அது ஆபீஸ் குழுவே இல்லையாம். புகார் கொடுக்க முடியுமா?" – வாசகி, கோவை

முடியும். தூங்கும் ஸ்டிக்கருக்குச் சிரித்தது அந்த ஸ்டிக்கரோடு முடிந்தது. அது வெறும் கேலி. பாலியல் துன்புறுத்தல் ஆகாது. ஒருவரின் வழுக்கையையோ நிறத்தையோ கிண்டல் செய்யும் படமும் மனதை நோகடிக்கும்தான், ஆனால் அதை நிர்வாகத்திடம்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் இரண்டாவது படம் வேறு ரகம். உடம்பைக் காட்டி, பதவி உயர்வுக்கு அதுதான் விலை என்கிறது. நீங்கள் விரும்பாத, பாலியல் தன்மையுள்ள எந்தச் செயலும், அது சொல்லாகவோ படமாகவோ இருந்தாலும், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வரும்.

"விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்பார்கள். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது: செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததா என்பதே முக்கியம். குழுவை யார் தொடங்கினார்கள் என்பதும் பெரிய விஷயமில்லை. உடன் வேலை செய்பவர்கள் செய்தது, உங்கள் வேலைச் சூழலைக் கெடுக்கிறது. அதைத்தான் புகாரில் சொல்ல வேண்டும்.

கோபத்தில் குழுவைவிட்டு வெளியேறிவிடாதீர்கள். அனுப்பியவர் எண், தேதி, நேரம், கீழே வந்த சிரிப்புக் குறிகள் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். 'அனைவருக்கும் நீக்கு' என்று ஒருவர் அழுத்தினால் படம் போய்விடும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வழக்கு என்று போனால் மூலச் சாதனத்தைக் கேட்பார்கள். அப்புறம் குழுவிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "என் படத்தை வைத்து இப்படிப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள்." இதை எழுதாததால் உங்கள் உரிமை போகாது. எழுதினால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு படமும் தெரிந்தே செய்ததாகிவிடும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். கடைசிப் படம் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், ஆதாரங்களோடு எழுத்துப் புகாரை 6 பிரதிகள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். விசாரணை நடக்கும்போது உங்களையோ அவர்களையோ வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். சமரசம் என்பது நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்கக்கூடியது, அதுவும் பணத்துக்காக இருக்கக் கூடாது. சமரசமானால் அதன்பிறகு விசாரணை கிடையாது. அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன், படங்களை அழிப்பதும் எழுத்தில் மன்னிப்புக் கேட்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.