நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்தால் எத்தனை சதவீத வளர்ச்சி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பிரிவு போன ஆண்டு 40 லட்சம் நஷ்டம், இந்த ஆண்டு 10 லட்சம் லாபம். எக்செலில் போட்டால் -125% என்று வருகிறது. சூத்திரத்தில் தப்பா?

சூத்திரத்தில் தப்பில்லை. நீங்கள் போட்டிருப்பது இதுவாகத்தான் இருக்கும்:

```
=(B2-A2)/A2
```

A2-வில் -40, B2-வில் 10. வித்தியாசம் 50. அதை -40-ஆல் வகுத்தால் -1.25, அதாவது -125%. மேலே இருக்கும் 50 உண்மையான முன்னேற்றம். கீழே இருக்கும் மைனஸ்தான் குறியைத் திருப்பிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 40 லட்சம் நஷ்டம் 60 லட்சம் நஷ்டமாகியிருந்தால் வித்தியாசம் -20, அதை -40-ஆல் வகுக்க +50% வரும். நிலைமை மோசமானதற்கு ஷீட் பிளஸ் காட்டும்.

ஆனால் அந்த +50% முழுப் பொய்யும் அல்ல. நஷ்டம் 50% கூடியது என்று படித்தால் அது சரியான வாக்கியம். தொடக்கம் மைனஸாக இருக்கும்போது சூத்திரம் அளப்பது நஷ்டத்தின் வளர்ச்சியை. ஷீட்டில் அந்தப் பத்தியின் தலைப்பில் "லாப வளர்ச்சி" என்று எழுதியிருப்பதால்தான் குழப்பம். எனவே இரண்டு ஆண்டும் நஷ்டம் என்றால் நஷ்டத்தையே நேர் எண்ணாக எடுத்து, "நஷ்டம் இத்தனை சதவீதம் கூடியது" அல்லது "குறைந்தது" என்று எழுதலாம். உங்கள் விஷயத்தில் நஷ்டம் லாபமாக மாறிவிட்டது. "நஷ்டம் 125% குறைந்தது" என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார். "40 லட்சம் நஷ்டத்திலிருந்து 10 லட்சம் லாபம், 50 லட்சம் முன்னேற்றம்" என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: கீழே ABS போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார் அலுவலக நண்பர். சரிதானே?

பாதி தீரும். ABS என்பது எண்ணின் மைனஸ் குறியை நீக்கிவிடும். நண்பர் சொல்வது இதை:

```
=(B2-A2)/ABS(A2)
```

இப்போது முன்னேற்றம் பிளஸாகவும் சரிவு மைனஸாகவும் வரும். திசை சரி. அளவுதான் சிக்கல், அதுவும் லேசில் கண்ணில் படாது.

மூன்று கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இந்த ஆண்டு 50 லட்சம் லாபம். போன ஆண்டு முதல் கிளையில் 100 லட்சம் நஷ்டம், இரண்டாவதில் 10 லட்சம், மூன்றாவதில் 1 லட்சம். ABS சூத்திரத்தின்படி வளர்ச்சி முறையே 150%, 600%, 5,100%. உண்மையான முன்னேற்றமோ 150 லட்சம், 60 லட்சம், 51 லட்சம். வரிசை அப்படியே தலைகீழ்! பெரிய பள்ளத்திலிருந்து ஏறி வந்த கிளை கடைசி இடம். ஏற்கெனவே விளிம்பில் நின்ற கிளைக்கு முதல் பரிசு. இந்தப் பட்டியலை வைத்து ஊக்கத்தொகை பிரித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காரணம் எளிது. தொடக்க எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க, அதால் வகுத்து வரும் எண் ஊதிக்கொண்டே போகும். போன ஆண்டு 1 லட்சம் லாபம் இருந்திருந்தாலும் 4,900% வரும். ஆனால் அங்கே அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு: லாபம் 50 மடங்கு. 1 லட்சம் நஷ்டத்தின் எத்தனை மடங்கு 50 லட்சம் லாபம்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. 5,100% என்ற எண் அது இருப்பதுபோல் காட்டுகிறது.

குறி தப்பாக வந்தாலாவது யாராவது கேள்வி கேட்பார்கள். ABS போட்ட எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் பயம் அதிகம்.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை ஒரே நாளில் 306% விழுந்தது என்று படித்தேன். 100%-க்கு மேல் எப்படி விழும்?

2020 ஏப்ரல் 20. அமெரிக்காவின் WTI கச்சா எண்ணெய், மே மாத ஒப்பந்தம். முந்தைய முடிவு விலை பீப்பாய்க்கு 18.27 டாலர், அன்றைய முடிவு -37.63 டாலர். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் எண்ணெயை இறக்கி வைக்க இடம் கிடைக்காததால், வைத்திருந்தவர்கள் பணம் கொடுத்துக் கைகழுவினார்கள். வித்தியாசம் -55.90. அதை 18.27-ஆல் வகுக்க சுமார் -306%. தொடக்கம் பிளஸ் என்பதால் இங்கே திசை சரியாகவே வந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடிய எதுவும் 100%-க்கு மேல் விழலாம்.

வேடிக்கை மறுநாள்தான். அதே ஒப்பந்தம் 10.01 டாலரில் முடிந்தது. 47.64 டாலர் ஏற்றம். சாதாரண சூத்திரத்தில் போட்டால் -126.6%! இரண்டு நாளையும் அடுத்தடுத்த வரியில் வைத்துப் பார்ப்பவர், விலை இரண்டு நாளும் விழுந்தது என்றே நினைப்பார். இந்த மாதிரி நாட்களுக்கு டாலர் வித்தியாசத்தை மட்டும் சொல்வதே நேர்மை.

கேள்வி: போன மாதம் புகார் 0, இந்த மாதம் 5. #DIV/0! வருகிறது. 100% என்று போடலாமா? நான் இப்போதைக்கு IFERROR வைத்து 0 வரவைத்திருக்கிறேன்.

முதலில் அந்த IFERROR-ஐ எடுங்கள். 0-லிருந்து 5 புகார் வந்த இடத்தில் "மாற்றம் 0%" என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. பிழைச் செய்தியே மேல்.

100% என்பதும் ஆகாது. அது 5 புகார் 10 ஆனதற்கான எண். பூஜ்ஜியத்துக்குப் பதில் 0.01 போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் 49,900% வரும். 0.1 போட்டால் 4,900%. அதாவது விடையைத் தீர்மானிப்பது புகார்கள் அல்ல, நீங்கள் கையால் திணித்த எண். "0-லிருந்து 5" என்று எழுதுங்கள், போதும். 0-லிருந்து 0 என்றால் "மாற்றம் இல்லை".

கேள்வி: நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அறிக்கை. ஒவ்வொன்றையும் கையால் பார்க்க முடியாது. ஷீட்டில் என்ன செய்ய?

தொடக்க எண் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் சதவீதம் வரட்டும்:

```
=IF(A2>0,(B2-A2)/A2,"பொருந்தாது")
```

பக்கத்திலேயே =B2-A2 என்று வித்தியாசத்துக்கு ஒரு பத்தி வையுங்கள். வரிசைப்படுத்துவதும் தரம் பிரிப்பதும் அந்தப் பத்தியை வைத்து நடக்கட்டும். நிதி அறிக்கைகளில் n.m. என்று போடுவதும் இதே "பொருந்தாது"தான், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. தொடக்கம் பிளஸ்தான், ஆனால் மிகச் சிறியது என்றால் 8,000% போன்றவை நுழைந்துவிடும். 0-க்குப் பதில் உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான ஒரு கீழ் எல்லையைப் போடுங்கள். எது எல்லை என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து, அறிக்கையின் அடியில் எழுதியும் விடுங்கள். அப்புறம், இந்தப் பத்தியின் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரே ஒரு 8,000% மொத்தத்தையும் தூக்கிவிடும். மொத்த வளர்ச்சி வேண்டுமென்றால் A பத்தியின் கூட்டலையும் B பத்தியின் கூட்டலையும் வைத்து ஒரே தடவை கணக்கிடுங்கள். A-வின் கூட்டலே மைனஸாக வந்தால், அங்கேயும் "பொருந்தாது".

கேள்வி: பணவீக்கம் -0.5%-லிருந்து 1.5% ஆனால்?

2 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதத்துக்கு மறுபடி சதவீதம் எடுக்க வேண்டாம். எடுத்தால் -400% வரும்.