உதவி ரி கலங்கள் எப்படி இவ்வளவு குறைகின்றன?

“திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். எச்.ஐ.வி. பெருகும் ரி கலங்கள் கொஞ்சம்தான் என்கிறார் ரியூசன் சேர். பிறகு மற்றவை ஏன் சாகின்றன?”

வைரஸ் உள்ளே நுழைந்து, பெருக முடியாமல் பாதியில் நின்றுபோன கலங்கள்தான் பெரும்பாலும் சாகின்றன.

நிணநீர்க் கணுக்களில் உள்ள உதவி ரி கலங்களில் அநேகமானவை ஓய்வு நிலையில் இருப்பவை. அவற்றுக்குள் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றத் தொடங்கி இடையில் நின்றுவிடுகிறது. அந்த அரைகுறை டி.என்.ஏ.யைக் கலம் அந்நியப் பொருளாக உணர்ந்து காஸ்பேஸ்-1 நொதியை முடுக்கிவிடுகிறது. கலம் வீங்கி வெடிக்கிறது. வெளியே கொட்டும் அழற்சிப் பொருட்கள் புதிய ரி கலங்களை அங்கேயே இழுத்து வருகின்றன. அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. வீட்டுக்கு வைத்த தீயில் அயலாரும் ஓடிவந்து விழுவதுபோல.

இதைச் சரிபார்க்க ஒரு கேள்வி: எந்த மருந்து இந்தச் சாவைத் தடுக்கும்? தொண்டைச் சதை இழையத்தில் செய்த பரிசோதனைகளில், டி.என்.ஏ. உருவாவதைத் தொடக்கத்திலேயே தடுத்த எஃபாவிரென்ஸ் கலங்களைக் காப்பாற்றியது. அதற்குப் பிந்திய, வைரஸ் டி.என்.ஏ.யைக் கலத்தின் டி.என்.ஏ.யோடு இணைக்கும் படியைத் தடுக்கும் ரால்டெக்ராவிர் காப்பாற்றவில்லை. ஆக, சாவு அந்த இரண்டு படிகளுக்கும் இடையில்தான் நடக்கிறது.

ஒன்று கவனம்: வைரஸ் முழுமையாகப் பெருகும் கலங்களும் சாகின்றன, ஆனால் வேறு வழியில். பரீட்சையில் இரண்டையும் எழுதுங்கள். அப்புறம், ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் சீடி4 கலங்கள், அதாவது இதே உதவி ரி கலங்கள், 200க்குக் கீழ் இறங்கினால்தான் எயிட்ஸ் என்பதில்லை, நியூமோசிஸ்டிஸ் நிமோனியா போன்ற சந்தர்ப்பவாதத் தொற்று வந்தாலும் எயிட்ஸ்தான்.