பங்கு லாபத்துக்கு ஏன் இரண்டு வரி விகிதம்?

"ஒரே பங்கு, ஒரே லாபம். 11 மாதத்தில் விற்றால் 20%, ஒரு வருடம் தாண்டி விற்றால் 12.5%. ஏன்?"

முக்கியக் காரணம், இந்த வரி விற்கும்போதுதான் விழுகிறது என்பது. விற்காதவரை பைசா கட்ட வேண்டாம். அதனால் பல வருட லாபம் சேர்ந்த பங்கை, நிறுவனம் மந்தமான பிறகும் பலர் விற்பதில்லை. பணம் நல்ல தொழிலுக்கு நகராமல் முடங்குகிறது. நீண்டகால விகிதத்தைக் குறைப்பது அந்தத் தயக்கத்தைத் தளர்த்தத்தான்.

அப்புறம் பணவீக்கம். 10 லட்சத்துக்கு வாங்கியது 20 லட்சமாகும்போது விலைவாசியும் இரட்டிப்பாகியிருந்தால், உண்மையில் லாபமே இல்லை. ஆனாலும் கூடிய அந்த 10 லட்சத்தில் பெரும்பகுதிக்கு வரி உண்டு. குறைந்த விகிதம் இதற்கு அரைகுறை ஈடுதான். வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவதே சரியான வழி என்பேன்.

ஆனால் 12 மாதக் கோடு புதிய சிக்கலையும் கொண்டுவருகிறது. லாபம் 4 லட்சம் என்று வையுங்கள். 11-ஆம் மாதம் விற்றால் வரி 80,000 ரூபாய். ஒரு வருடம் தாண்டினால், வேறு நீண்டகால லாபம் இல்லாதபட்சத்தில், முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை; மீதிக்கு 34,375 ரூபாய்தான். (செஸ் தனி.) இந்த 45,625 ரூபாய்க்காகக் காத்திருக்கும்போது பங்கு விலை சரிந்தால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இழக்கவும் நேரலாம்.