மாமாவின் கடையும் மூன்று வரிகளும்

அன்புள்ள அண்ணா,

ஏ.எல். கணிதம் எடுத்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. மூன்று வருடமாக நானாகவே பைத்தன், டிஜாங்கோ படிக்கிறேன். சுன்னாகத்தில் மாமாவின் இரும்புக் கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்தேன்; 14 மாதமாக இரண்டு கவுண்டரிலும் ஓடுகிறது. இடையில் இருப்பு மைனஸில் போய், எஸ்கியூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றித் திருத்தினேன். சீவியின் தொடக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பட்டம் இல்லாவிட்டாலும் ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட, விரைவாகக் கற்கும் நிரலாளர்." சரியா?

தி., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

முதல் சொல்லே பட்டம் இல்லை என்கிறது. அதை அவர்கள் கல்விப் பகுதியில் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வாசலிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டாம். மிச்சத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்களிடம் மட்டும் இருப்பது அந்த மைனஸ் கணக்குத்தான், அதைத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இதுவாக இருக்கும்: கடைசி ஆணிப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு கவுண்டரும் ஒரே நொடியில் "1" என்று வாசித்து, இரண்டுமே விற்றிருக்கின்றன. இதைத் தடுக்க டிஜாங்கோவில் `transaction.atomic()`-க்குள் `select_for_update()` போட்டு அந்த வரிசையைப் பூட்டலாம். ஆனால் எஸ்கியூலைட்டில் அது பிழையும் காட்டாது, பூட்டவும் பூட்டாது. போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில்தான் வேலை செய்யும். நேர்முகத்தில் இதைச் சொன்னால் அடுத்த இருபது நிமிடமும் பேச்சு உங்கள் கடையைப் பற்றித்தான்.

நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"பைத்தன், டிஜாங்கோவில் மூன்று வருடமாக எழுதும், சுயமாகப் படித்த நிரலாளர். நான் செய்த இருப்புக் கணக்கு மென்பொருள் ஒரு இரும்புக் கடையின் இரண்டு கவுண்டரில் 14 மாதமாக ஓடுகிறது. ஒரே பொருளை இருவர் ஒரே நேரத்தில் விற்பதால் வந்த பிழைக்காகத் தரவுத்தளப் பூட்டுகளைப் படித்து, போஸ்ட்கிரெஸுக்கு மாற்றித் திருத்தினேன்."

"தொடர்ந்து கற்கிறேன்" என்ற வார்த்தை இதில் இல்லை, கவனித்தீர்களா? மூன்றாவது வரி அதைச் செய்துவிடுகிறது. இப்போது படிப்பதையும் சேர்க்க ஆசையென்றால் ஒன்றே ஒன்று போதும், அதுவும் கிட்ஹப்பில் தேதியோடு தெரிய வேண்டும். முடித்த வீடியோ வகுப்புகளின் பட்டியலை நான் வாசிப்பதில்லை.

அப்புறம் சீவியில் கொடுக்கும் மென்பொருளின் இணைப்பு. இலவச சேவையகங்கள் பல ஆள் வராவிட்டால் உறங்கிவிடும், முதல் பக்கம் திறக்க ஒரு நிமிடம்கூட எடுக்கும். போன மாதம் ஒருவருடையதை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன், அப்போதும் வெள்ளைத் திரைதான். இணைப்புக்குப் பக்கத்தில் திறக்க நேரமெடுக்கும் என்று ஒரு குறிப்பும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் வைத்துவிடுங்கள்.

பட்டம் கட்டாயம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும் இடங்களில் இந்த மூன்று வரியும் பெரும்பாலும் எடுபடாது. அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று, மாதிரித் தரவில் மாமாவின் கடன் கொப்பிப் பெயர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். சுன்னாகம் சின்ன ஊர்.